குறியீடு முதலிலா, மொழிபெயர்ப்பு முதலிலா?

உணவகம் ஒன்றின் வாடிக்கையாளர் கருத்துப் படிவங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற இரண்டு வழிகள் இருந்தன. அனைத்தையும் மொழிபெயர்த்துவிட்டு ஆங்கில வாசகங்களிலிருந்து புகார்களை வகைப்படுத்துவது ஒன்று. தமிழில் படிக்கும்போதே புகாருக்குக் குறியீடு இட்டுவிட்டு, பிறகு மொழிபெயர்ப்பது மற்றொன்று. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் வழியில் வேலை விரைவாக நகரும். தமிழ் அறியாதவர்களும் வகைப்படுத்த உதவலாம். ஆனால் நம்மவர்கள் குறையை நேரடியாகச் சொல்வது அரிது. பாராட்டில் தொடங்கி, குறையைச் சொல்லி, உடனே அதை மன்னித்தும் விடுவார்கள். இந்த வரியைப் பாருங்கள்:

```
rating,comment_ta,complaint,comment_en
4,"சாப்பாடு நல்லாத்தான் இருந்தது. வரத்தான் ஒரு மணி நேரம் ஆச்சு, பரவாயில்லை",delay,"The food was good. It just took an hour to come. Never mind."
```

ஆங்கில வாசகத்தை மட்டும் படிப்பவர், பக்கத்தில் 4 மதிப்பெண்ணும் இருப்பதால், இதை மனநிறைவான கருத்து என்று ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம். தமிழில் படிப்பவருக்கோ 'நல்லாத்தான்' என்றதுமே அடுத்து ஒரு குறை வரப்போகிறது என்று தெரிந்துவிடும். ஆகவே `complaint` நிரலில் தாமதம் பதிவாகிறது, `rating` நிரலில் 4 அப்படியே நிற்கிறது; ஒன்றைக் கொண்டு மற்றொன்றை யாரும் திருத்துவதில்லை.

இதே காரணத்தால், குறியிடுபவருக்கும் மொழிபெயர்ப்பவருக்கும் மதிப்பெண் நிரலை மறைத்தே கோப்பைத் தர வேண்டும். 4 என்று கண்டவர் புகாரை மென்மையாக்குவார், 1 என்று கண்டவர் அதற்குக் காரம் கூட்டுவார். சிலர் 1 என்பதை முதல் தரம் என்று எண்ணி வட்டமிட்டுவிட்டு, கீழே மனமாரப் பாராட்டி எழுதியிருப்பார்கள். அத்தகைய முரண், மறைத்த நிரலைத் திரும்பச் சேர்த்த பிறகே வெளிப்படும். அப்போதும் மதிப்பெண்ணை மாற்றாமல், ஐயம் என்று தனியாகக் குறிப்பதே முறை.

வினாக்களைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியது சிறிது. "சேவை திருப்தியா, குறைகள் உண்டா?" என்று ஒரே வினாவாக அச்சிட்ட படிவத்தில் வரும் 'இல்லை' என்ற விடை எதற்கானது என்பது எந்த மொழியிலும் தெளிவாகாது, அதை ஆங்கிலத்தில் இரண்டு வினாக்களாகப் பிரித்து எழுதினாலும் அந்த விடை பிரியாது. தமிழ்ப் படிவத்திலேயே பிரிக்க வேண்டும்.

என் வழிக்கும் செலவு உண்டு. ஒவ்வொரு முறையும் தமிழ் நன்கு படிப்பவர் தேவை. புதிய புகார் வகை ஒன்றைச் சேர்த்தால் பழைய கருத்துகளையும் அவரே மறுபடி பார்க்க வேண்டும். கருத்துகள் பல்லாயிரக்கணக்கில் குவியும் இடத்தில் இது தாக்குப்பிடிக்குமா என்று நான் சோதித்ததில்லை. ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்த தமிழ்க் கருத்துகளும் எனக்குக் குறைவாகவே வந்தன. அவற்றை முதலில் தமிழ் எழுத்துக்கு மாற்றிய பின்னரே குறியிட்டேன்.