கிரெடிட் கார்டு ஆனுவல் ஃபீ வெய்வர்: சில வருஷமா கேட்டு வாங்குற அனுபவம்

எங்க வீட்ல என் பேர்ல, மனைவி பேர்லன்னு சில கார்டு இருக்கு, எல்லாத்துக்கும் ஆனுவல் ஃபீ உண்டு, சில வருஷமா ஒவ்வொரு ரினியூவலுக்கும் அத தள்ளுபடி பண்ண வைக்குற வேலைய நான்தான் பாக்குறேன். வெய்வர்ங்குறது ரெண்டு விதம். ஒண்ணு, இவ்வளவு செலவு பண்ணா ஃபீ கிடையாதுன்னு பேங்கே கார்டு டேர்ம்ஸ்ல போட்டிருக்குறது, இது உங்க உரிமை. இன்னொண்ணு, அந்த லிமிட்ட தொடாதப்ப போன் பண்ணி கேக்குறது, அது அவங்க இஷ்டம்.

எஸ்பிஐ சிம்ப்ளிகிளிக் 499 ரூபா ஃபீ, வருஷத்துக்கு 1 லட்சம் செலவு பண்ணா வெய்வ் ஆகும். எச்டிஎஃப்சி மில்லெனியாவுக்கு 1,000 ரூபா, அதுக்கும் 1 லட்சம்தான். ரெகாலியா கோல்ட் 2,500 ரூபா, 4 லட்சம். ஆனா ஃபிளிப்கார்ட் ஆக்ஸிஸ் கார்டு ஃபீ வெறும் 500, அதுக்கு 3.5 லட்சம் கேக்குறாங்க. அதனால ஃபீ கம்மின்னா லிமிட்டும் கம்மியா இருக்கும்னு நினைச்சிராதீங்க. இதையெல்லாம் பேங்க் அப்பப்ப மாத்தும், ரினியூவலுக்கு முன்னாடி ஒரு தடவ டேர்ம்ஸ் பாத்துக்கணும். ஃபீக்கு மேல 18% ஜிஎஸ்டி வேற, 499ன்னா கையவிட்டு போறது 588.82.

நிறைய பேர் அடிவாங்குறது கணக்குலதான். வருஷம்னா ஏப்ரல்-மார்ச் இல்ல, ஜனவரி-டிசம்பரும் இல்ல, கார்டு குடுத்த தேதியிலருந்து ஓடுற வருஷம். அப்புறம் ஸ்டேட்மென்ட்ல வர்ற எல்லா செலவையும் எடுத்துக்க மாட்டாங்க, கேஷ் எடுத்தது எப்பவும் சேராது, வாடகை, வாலட் லோடு, பெட்ரோல், இஎம்ஐ இதெல்லாம் பேங்குக்கு பேங்கு மாறும், நிறைய இடத்துல கழிச்சிருவாங்க.

மனைவி கார்டுல ஒரு வருஷம் ஸ்டேட்மென்ட் கூட்டிப்பாத்தா 1,18,000 வந்துச்சு, லிமிட் 1 லட்சம்தான். ஆனா அதுல வாடகை 24,000, வாலட் லோடு 6,000, ரெண்டும் அந்த பேங்க் டேர்ம்ஸ்ல சேராது. ஆன்லைன்ல வாங்கி ரிட்டர்ன் பண்ண பொருளுக்கு 5,000 ரீஃபண்ட் வந்திருந்துச்சு, அதுவும் கழியும். மிச்சம் 83,000தான், 17,000 குறையுது. கஸ்டமர் கேர்ல “ஃபீ வெய்வருக்கு இதுவரை எவ்வளவு ஸ்பெண்ட் கவுண்ட் ஆயிருக்கு, கடைசி தேதி என்ன”ன்னு கேட்டோம், அவங்களும் அதே 83,000 தான் சொன்னாங்க. எப்படியும் வாஷிங் மெஷின் வாங்கணும்னு இருந்தோம், அத 18,500க்கு அந்த கார்டுலயே முழுசா ஸ்வைப் பண்ணோம். கடைக்காரர் நோ காஸ்ட் இஎம்ஐ போட்டுக்கங்க மேடம்னு விடாம சொன்னாரு, வேணாம்னுட்டோம், போட்டிருந்தா கணக்குல வராம போயிருக்கும். இன்னொரு விஷயம், இத கடைசி நாள்ல பண்ணாதீங்க, ஸ்வைப் பண்ண தேதி இல்லாம, அந்த செலவு கார்டு கணக்குல ஏறுன போஸ்டிங் தேதிய எடுக்குற பேங்க் உண்டு, ஒரு வாரமாவது முன்னாடி முடிச்சிருங்க. தேவையில்லாத பொருள 17,000க்கு வாங்கி 588 ரூபா மிச்சம் பிடிக்குறதுல அர்த்தமே இல்ல, அப்படின்னா ஃபீயே கட்டிரலாம்.

லிமிட் தொடலைன்னா கேட்டுத்தான் ஆகணும். ஸ்டேட்மென்ட்ல ஃபீ விழுந்ததும், டியூ டேட்டுக்கு முன்னாடியே கூப்புடுங்க. முதல்ல எடுக்குறவர் பெரும்பாலும் “ஆப்ஷன் இல்ல சார்”னு சொல்வாரு, அவர் கையில அதிகாரம் இருக்காது. அப்ப கார்ட க்ளோஸ் பண்ணணும்னு சொன்னா கஸ்டமர் விட்டுப் போகாம பாத்துக்குற ரிடென்ஷன் டீமுக்கு மாத்துவாங்க. அங்க முழுசா ரிவர்ஸ் பண்றோம்பாங்க, இல்லன்னா அடுத்த 60, 90 நாள்ல இவ்வளவு செலவு பண்ணா ரிவர்ஸ்பாங்க, இல்ல ஃபீக்கு ஈடா பாயிண்ட்ஸ் தருவாங்க. எது சொன்னாலும் எஸ்எம்எஸ் இல்ல மெயில்ல அனுப்பச் சொல்லுங்க, சர்வீஸ் ரிக்வெஸ்ட் நம்பரும் வாங்கிக்கங்க.

க்ளோஸ் பண்ணணும்னு சொல்றது சும்மா மிரட்டலா இருக்கக்கூடாது, சரின்னு உடனே க்ளோஸ் பண்ணிட்டாங்கன்னா? ரொம்ப பழைய கார்டுன்னா நான் அந்த வார்த்தையே எடுக்க மாட்டேன், அந்த கார்டோட கிரெடிட் லிமிட் போச்சுன்னா, மொத்த லிமிட்ல நாம பயன்படுத்துற பங்கு ஏறி கிரெடிட் ஸ்கோர் இறங்கலாம். உண்மையிலேயே வேணாம்னா முதல்ல பாயிண்ட்ஸ ரிடீம் பண்ணுங்க, பாக்கிய கட்டுங்க, அப்புறம் க்ளோஸ் கேளுங்க. பாக்கி இல்லன்னா 7 வேலை நாளுக்குள்ள க்ளோஸ் பண்ணணும்னு ஆர்பிஐ 2022ல கொண்டுவந்த விதி இருக்கு, தாண்டினா ஒரு நாளுக்கு 500 ரூபா நமக்கு குடுக்கணும்.

ரிவர்ஸ் ஆகும்னு சொல்லிட்டாங்களேன்னு பில்லுல ஃபீ தொகைய விட்டுட்டு கட்டாதீங்க. ரிவர்சல் டியூ டேட்டுக்குள்ள வரலைன்னா வட்டி சேர்ந்துரும், சில சமயம் லேட் ஃபீயும் விழலாம். முழு பில்லையும் கட்டிருங்க, அப்புறம் ரிவர்ஸ் ஆனா கிரெடிட்டா நின்னு அடுத்த பில்லுல கழியும். அந்த அடுத்த ஸ்டேட்மென்ட்ல ரெண்டு கிரெடிட் வரி இருக்கான்னு பாருங்க, ஃபீ ஒண்ணு, ஜிஎஸ்டி ஒண்ணு. எனக்கு ஒரு தடவ 499 மட்டும் வந்து 89.82 வரல, ரிக்வெஸ்ட் நம்பர சொல்லி கேட்டதும் அதையும் போட்டாங்க.