கட்டியது பந்தயத்துக்கு, கூற்றில் வந்தது பூக்கடை

உப்புவெளிப் பக்கம் பெடியங்கள் சிலர் கிரிக்கெட் பந்தயச் செயலிகளில் காசு போடுகிறார்கள். நானும் போட்டவன்தான், அதனால் புத்தி சொல்ல வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

2025 மார்ச்சில் டெபிட் அட்டையால் மூன்று தடவை பணம் கட்டினேன். முதல் இரண்டும் செயலிக் கணக்கில் ஏறின, விளையாடித் தோற்றேன். மூன்றாவது 20,000 ரூபா ஏறவே இல்லை. செயலிக்காரரிடம் கேட்டால் “உங்கள் வங்கியைக் கேளுங்கள்” என்றார்கள்.

வங்கிக் கூற்றை எடுத்தேன். செயலியின் பெயர் எங்கும் இல்லை! இரண்டு பற்று ஒரு பூக்கடையின் பெயரில், ஒன்று தளபாடக் கடையின் பெயரில். கடைசியில் CY என்று சைப்பிரஸின் நாட்டுக் குறி. வீட்டுக்காரி பார்த்துவிட்டு, “யாருக்கப்பா பூ அனுப்பினனீங்கள்?” என்று கேட்டா. டொலரில் கழித்திருந்ததால் தொகையும் 20,000 ஆக இல்லை, திகதியும் இரண்டு நாள் பிந்தியிருந்தது. கட்டிய நேரத்தில் வந்த எஸ்எம்எஸ்ஸை வைத்துத்தான் எது எதுவென்று பொருத்தினேன்.

சரி, கிளைக்குப் போனேன். ‘இந்தக் கடையை எனக்குத் தெரியாது, நான் செலுத்தவில்லை’ என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். நல்ல காலம், கவுண்டரில் இருந்த மிஸ் தடுத்தா. ஓடிபி போட்டது நான்தான். அப்படி எழுதினால் அது பொய், முறைப்பாடும் அங்கேயே முடிந்துவிடும். ‘காசு கட்டினேன், சேவை கிடைக்கவில்லை’ என்று மூன்றாவதற்கு மட்டும் எழுதச் சொன்னா. செயலியில் மீதி ஏறாததைக் காட்டும் படத்தையும் இணைத்தேன். இதற்குக் காலக்கெடு உண்டு, பொதுவாக 120 நாள்.

வங்கியிடம் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒன்று ஏஆர்என் எனும் 23 இலக்க எண். கழிவு முழுதாகப் பதிவான பிறகுதான் அது இருக்கும், ‘நிலுவை’ என்று காட்டும்போது கேட்டுப் பயனில்லை. அதில் இரண்டாவது இலக்கத்திலிருந்து ஏழாவது வரை, கடைக்காரருக்குப் பணம் பெற்றுக்கொடுத்த வங்கியின் குறி. அடுத்த நான்கு திகதி: எனக்கு 5073, அதாவது 2025இன் 73ஆம் நாள், மார்ச் 14. கடைப்பெயர் எதுவாக இருந்தாலும் காசு போன வழி இதில் அகப்படும்.

மற்றது வணிக வகைக் குறியீடு. சூதாட்டத்துக்கு 7995, பூக்கடைக்கு 5992. என்னுடையது 5992 என்று பதிவாகியிருந்தது. பந்தயக் காசைப் பூக்கடைக் கணக்கால் ஓட்டுகிறார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அதைத் தனியாக எழுதிக் கொடுத்தேன். வங்கி அசையாவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் 1935க்கு அழைக்கலாம்.

ஏழு கிழமையில் மூன்றாவது திரும்பி வந்தது. முதல் இரண்டும் போனது போனதுதான், விளையாடித் தோற்ற காசை எந்த முறைப்பாடும் மீட்டுத் தராது.

அப்புறம் பழைய எஸ்எம்எஸ்களைப் புரட்டினேன். ஓடிபி வந்த செய்தியிலேயே தொகைக்குப் பக்கத்தில் பூக்கடையின் பெயர் இருந்திருக்கிறது. நான் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்து அடித்திருக்கிறேன்.