ஒரே குழாய், இரண்டு கடிதங்கள்: ஆசிரியருக்கு எதை அனுப்புவது?

எங்கள் ஊர் இராமநாதபுரம் கடற்கரையில், மன்னார் வளைகுடாவில் இறங்கும் ஒரு காட்டாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டுமே அதில் வெள்ளம் வரும். மற்ற மாதங்களில் கடல் தள்ளும் மணல் மேடிட்டு வாய் அடைபட்டுவிடுவதால், உள்ளே கிடக்கும் உவர்நீர் அசையாமல் குளம்போல் நிற்கும். அந்த நீரில்தான் ஊருக்கு மேற்கே உள்ள மீன் பதப்படுத்தும் ஆலையின் கழிவு, சுத்திகரிக்கப்படாமல் ஒரு குழாய் வழியே இரவில் கலக்கிறது. இதை நாளிதழ் ஆசிரியருக்கு எழுதுவது என்று படிப்பகத்தில் கூடிப் பேசி முடிவெடுத்தோம். இரண்டு பேர் தனித்தனியாக எழுதி வந்தார்கள். ஒருவர் நாட்டுப்படகு வைத்திருக்கும் இளைஞர், மற்றவர் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். எதை அனுப்புவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்ததால், இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தேன்.

இளைஞரின் கடிதம் இப்படித் தொடங்குகிறது: "எங்கள் ஆற்றை இந்த ஆலை முதலாளி விஷம் வைத்துக் கொன்றுவிட்டார். அதிகாரிகள் பணம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதக்கின்றன. இறால் தடவப் போகும் எங்கள் பெண்களின் வெள்ளிக் கொலுசு இரண்டே நாளில் கரியாய்ப் போகிறது. ஆலையை உடனே இழுத்து மூட வேண்டும்."

ஆசிரியரின் கடிதம் வேறு விதமானது: "எங்கள் ஊருக்கு மேற்கே, பாலத்திலிருந்து சுமார் இருநூறு மீட்டர் தொலைவில், தென்கரையில் உள்ள நான்கு அங்குலக் குழாயிலிருந்து, நாங்கள் கண்காணித்த ஏழு இரவுகளில் ஐந்து இரவுகள், ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே, செதில்களும் கொழுப்பு நுரையும் கலந்த இளஞ்சிவப்பு நீர் ஆற்றில் விடப்பட்டது. மறுநாள் விடியலில் குழாயைச் சுற்றி மடவை மீன்கள் இறந்து மிதந்தன. மாசு கட்டுப்பாட்டு வாரியம் இரவு நேரத்தில் மாதிரி எடுத்து, முடிவை ஊருக்குத் தெரிவிக்க வேண்டும்."

இரண்டும் பொய் சொல்லவில்லை. ஆனால் நாளிதழ் அலுவலகத்தில் இந்தக் கடிதங்களைப் பிரிப்பவரின் மேசையில் இரண்டுக்கும் ஒரே கதி நேராது. "பணம் வாங்கிக்கொண்டு" என்ற ஒரு தொடருக்காகவே முதல் கடிதம் ஒதுக்கப்படலாம். அதை மெய்ப்பிக்க நம்மிடம் எதுவும் இல்லை. பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆம் பிரிவின்படி அவதூறு குற்றமாகும், எழுதியவரோடு வெளியிட்டவரும் பதில் சொல்ல நேரும். பொது நன்மைக்காகச் சொல்லப்படும் உண்மைக்கு அதே பிரிவில் விலக்கு உண்டென்றாலும், உண்மை என்று காட்டும் சுமை நம் தலையில்தான் விழும். குழாயை நாம் கண்ணால் பார்த்தோம்; கைமாறிய பணத்தைப் பார்க்கவில்லை. பார்த்ததை மட்டும் எழுதினால் ஆலைத் தரப்பு மறுக்க வேண்டியது குழாயை. அது மண்ணில் பதிந்து கிடக்கிறது.

அடுத்தது மீன்கள் செத்த காரணம். இங்கேதான் இரண்டு கடிதங்களையும் நான் நெடுநேரம் பிடித்துவைத்திருந்தேன். "விஷம்" என்று எழுதினால், "எங்கள் ஆலையில் எந்த விஷமும் பயன்படுத்துவதில்லை, மீன் கழுவிய தண்ணீர்தான்" என்று பதில் வரும்; அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். மீன் கழுவிய நீரில் இரத்தமும் கொழுப்பும் புரதமும் இருக்கின்றன. இவற்றை நீரிலுள்ள நுண்ணுயிரிகள் தின்று சிதைக்கும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன, மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்பதன் அளவைத்தான் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி., என்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 50,000 லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் பி.ஓ.டி.யோடு விடப்படுவதாக வைத்துக்கொள்வோம். சுத்திகரிக்காத மீன் கழிவுநீருக்கு இது மிகையான எண் அல்ல. அதைச் சிதைக்க 75 கிலோ ஆக்சிஜன் தேவை. எங்கள் ஆற்று உவர்நீரின் ஒரு லிட்டரில் 6 மில்லிகிராம் ஆக்சிஜன் இருப்பதாகக் கொண்டால், 1 கோடியே 25 லட்சம் லிட்டர் நீரிலுள்ள அத்தனை ஆக்சிஜனும் அதற்குப் போய்விடும். ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள நீரில் அது ஏறத்தாழ இரண்டு ஏக்கர் பரப்பு. காற்றிலிருந்தும் பாசியிலிருந்தும் புதிய ஆக்சிஜன் சேரும் என்பது மெய்தான். ஆனால் முகத்துவாரம் அடைபட்டு, காற்றும் படுத்துவிட்ட இரவில் அது ஈடுகொடுக்காது. உள்நாட்டு நீர்நிலையில் கலக்கும் கழிவுநீருக்கு மத்திய அரசின் பொது விதி வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 30 மில்லிகிராம். அந்த அளவுக்குச் சுத்திகரித்து விட்டிருந்தால் அதே 50,000 லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ ஆக்சிஜன் போதும். கடலோர நீரில் விடுவதற்கு எல்லை 100 வரை தளர்வதால், இந்த ஆலைக்கு எந்த எண் பொருந்தும் என்பது வாரியம் அதற்குக் கொடுத்த இசைவாணையில்தான் இருக்கும். ஆசிரியர் எந்த எண்ணையும் கடிதத்தில் எழுதாமல் விட்டது அதனால் சரியே. தவறான எல்லையைச் சொல்லி மறுப்பு வாங்கினால், சரியாகச் சொன்ன மற்றவையும் அதோடு சேர்ந்து விழும்.

இன்னொரு மறுப்பும் வரும். இந்தக் கடற்கரையில் மீன்கள் இயற்கையாகவும் செத்து ஒதுங்குவதுண்டு. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்ததை யாரும் மறக்கவில்லை. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் அந்த நுண்பாசி பெருகி மடியும்போதும் ஆக்சிஜன் குறைந்து, சாவு விடியலில்தான் தெரியும். "இதுவும் பூங்கோரைதான்" என்று ஆலைத் தரப்பு சொன்னால் முதல் கடிதத்தில் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்திலும் முழுப் பதில் இல்லை, ஆனால் பதிலுக்கு வேண்டிய விதை இருக்கிறது: மீன்கள் குழாயைச் சுற்றி இறந்திருந்தன. பூங்கோரை என்றால் கடல் நீரே நிறம் மாறியிருக்கும், கரை நெடுக மீன் ஒதுங்கியிருக்கும். அன்று மணல்மேட்டுக்கு வெளியே கடல் தெளிந்திருந்தது, கரைவலையில் மீனும் பட்டது. உள்ளே ஆற்றில் மட்டும் சாவு. இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னேன்.

இந்த இடத்தில் முதல் கடிதத்தை நான் எறிந்துவிடாமல் கையில் வைத்துக்கொண்டதற்குக் காரணம் கொலுசு. ஆக்சிஜன் தீர்ந்த உவர்நீரில், கடல்நீரோடு வந்த சல்பேட்டை வேறு வகை நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதிலிருந்துதான் வருகிறது. சேற்றைக் கறுப்பாக்குவதும், வெள்ளியைக் கறுக்கவைப்பதும் அதுவே. குழாய்க்குக் கீழே முழங்கால் நீரில் நின்று இறால் தடவும் பெண்ணின் கொலுசை நான் வாங்கிப் பார்த்தேன். சலங்கை முத்துகளின் வெளிப்புறம் அடுப்புக்கரி போல இருந்தது, சங்கிலிக் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் மட்டும் வெள்ளை தெரிந்தது. ஆற்றுக்கு மேல்புறம், குழாயிலிருந்து வெகுதூரம் தள்ளி இறால் தடவுகிறவரின் கொலுசு வழக்கம்போல மங்கியிருந்ததே தவிர கறுக்கவில்லை. வேதியியல் படித்தவர் எழுதாத ஒன்றை வேதியியல் படிக்காதவர் கவனித்து எழுதியிருக்கிறார். "தம்பி, இது எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே" என்று ஆசிரியர் சொன்னதற்கு, "எங்க அம்மா கொலுசு சார்" என்றார் இளைஞர். நீதிமன்றத்தில் இது சான்றாகாது. முகத்துவாரச் சேறு ஓரளவு இயல்பாகவே கறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் மேல்புறத்துக் கொலுசையும் கீழ்ப்புறத்துக் கொலுசையும் ஒப்பிட்டு எழுதும்போது, எங்கே மாதிரி எடுக்க வேண்டும் என்பதை வாசகருக்கும் அதிகாரிக்கும் அது ஒரே வரியில் காட்டிவிடுகிறது.

கோரிக்கையில் இரண்டும் முற்றாகப் பிரிகின்றன. ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் உத்தரவிட வாரியத்துக்கு 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தில் 33-ஏ பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் சட்டப்படி எடுத்த மாதிரி இல்லாமல் பிறப்பிக்கும் உத்தரவு மேல்முறையீட்டில் நிலைப்பது கடினம். மாதிரி எடுக்கும் முறையை 21-ஆம் பிரிவு சொல்கிறது: ஆலைப் பொறுப்பாளருக்கு அந்த இடத்திலேயே அப்போதே அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டுக் கையொப்பம் பெற வேண்டும். அறிவிப்பு அப்போதே என்பதால், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பகலில் வரவேண்டிய கட்டாயம் அதிகாரிக்கு இல்லை. இரவு ஒன்பதரை மணிக்கும் வரலாம். நாம் பாட்டிலில் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து மதுரைக்கு அனுப்பும் மாதிரி சட்டச் சான்று ஆகாது, சோதனைக்கு வரச் சொல்லும் காரணமாக மட்டுமே பயன்படும். எனவே இரவு மாதிரி என்ற ஆசிரியரின் சிறிய கோரிக்கைதான் மூடச் சொல்லும் பெரிய கோரிக்கைக்கும் வாசல். தவிரவும், அந்த ஆலையில் மீன் வெட்டும் பெண்கள் நம் ஊர்க்காரர்கள். சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டச் சொல்வதற்கும் கதவை இழுத்துப் பூட்டச் சொல்வதற்கும் அவர்கள் வீட்டில் உள்ள வேறுபாட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஊரார் எல்லோரும் கையெழுத்திட்ட நீண்ட மனு ஒன்றை அப்படியே நாளிதழுக்கு அனுப்பலாம் என்று மூன்றாவது யோசனையும் வந்தது. அது மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு உரியது. கடிதப் பகுதியில் அதற்கு இடம் இருக்காது.

இரண்டாவது கடிதத்தையே எடுத்து, கடல் தெளிந்திருந்த செய்தியையும் கொலுசு வரியையும் சேர்த்து, "அறிகிறோம்", "கூறப்படுகிறது" போன்ற சொற்களை நீக்கி, 150 சொற்களுக்குள் அடக்கினோம். இடம் போதாமல் கடிதத்தை வெட்டுகிறவர்கள் அடியிலிருந்துதான் பெரும்பாலும் வெட்டுவார்கள் என்பதால், இரவு மாதிரிக் கோரிக்கையைக் கடைசி வரியிலிருந்து இரண்டாம் வாக்கியத்துக்கு ஏற்றினோம். கீழே இருவரும் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு கையொப்பமிட்டார்கள். அதே நாளில் மனுவைப் பதிவுத் தபாலில் பொறியாளர் அலுவலகத்துக்கும், ஆலையின் இசைவாணை நகல் கேட்டு 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமை விண்ணப்பத்தை வாரியத்துக்கும் அனுப்பினோம். அதற்குப் பதில் தர அவர்களுக்கு 30 நாள். குழாய்க்கு எதிர்க்கரையில் இரவுக் காவலும், தேதியும் மணியும் குறிக்கும் நோட்டும் தொடர்கின்றன.