யூரோ இறங்கியது: ஒரு முறையில் 8 நட்டம், இன்னொன்றில் 7 லாபம்

தாய் நிறுவனம் டாலரில் கணக்கு எழுதுகிறது, அதன் துணை நிறுவனம் யூரோவில் எழுதுகிறது. ஆண்டு முடிவில் இரண்டையும் ஒருங்கிணைந்த கணக்காகச் சேர்க்க வேண்டும். துணை நிறுவனத்தின் யூரோ எண்களில் ஒன்றுகூட மாறவில்லை, யூரோவின் மதிப்பு மட்டும் இறங்கிவிட்டது. அப்போதும் டாலர் கணக்கில் ஒரு வித்தியாசம் விழும். டிரான்ஸ்லேஷன் எக்ஸ்போஷர் என்று நிதித்துறையில் சொல்வது இதைத்தான். அந்த வித்தியாசம் நட்டமா லாபமா என்பதே நாம் பயன்படுத்தும் முறையைப் பொறுத்தது. நடப்பு விகித முறை, கால அடிப்படை முறை என்று இரண்டு இருக்கின்றன. ஒரே நிறுவனத்தை இரண்டிலும் ஓட்டிப் பார்ப்போம்.

துணை நிறுவனத்திடம் ரொக்கமும் வரவேண்டிய பாக்கியும் சேர்ந்து 25 மில்லியன் யூரோ இருக்கிறது. சரக்கிருப்பு 25, இயந்திரங்களும் கட்டடமும் 50. மொத்தச் சொத்து 100. கடன்கள் 60, பங்குதாரர் நிதி 40. தொடக்கத்தில் 1 யூரோ 1.20 டாலர், முடிவில் 1.00 டாலர். கணக்கு தெளிவாகத் தெரிய, இடையில் வியாபாரம் எதுவும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

நடப்பு விகித முறையில் எல்லாச் சொத்தும் எல்லாக் கடனும் முடிவு நாள் விகிதத்தில் மாறும். பங்கு மூலதனமும் முந்தைய ஆண்டுகளில் சேர்ந்த லாபமும் மட்டும் பழைய விகிதத்திலேயே நிற்கும். கால அடிப்படை முறை அப்படி இல்லை. ரொக்கம், வரவேண்டிய பாக்கி, கடன் போன்ற பண வகை இனங்களை மட்டும் முடிவு நாள் விகிதத்துக்கு மாற்றும். சரக்கையும் இயந்திரத்தையும் வாங்கிய நாளின் விகிதத்திலேயே வைத்திருக்கும். இங்கே எல்லாம் 1.20 இருந்தபோது வாங்கியவை.

| மில்லியன் | யூரோ | நடப்பு விகிதம் (டாலர்) | கால அடிப்படை (டாலர்) |
|---|---|---|---|
| ரொக்கம், வரவேண்டியவை | 25 | 25 | 25 |
| சரக்கிருப்பு | 25 | 25 | 30 |
| நிலைச் சொத்து | 50 | 50 | 60 |
| கடன்கள் | 60 | 60 | 60 |
| மிஞ்சும் பங்குதாரர் நிதி | 40 | 40 | 55 |

தொடக்கத்தில் பங்குதாரர் நிதி 40 × 1.20, அதாவது 48 மில்லியன் டாலர். நடப்பு விகித முறையில் அது 40 ஆகிவிட்டது, 8 நட்டம். கால அடிப்படை முறையில் 55 ஆகிவிட்டது, 7 லாபம். அதே நிறுவனம், அதே சரிவு!

காரணம், இரண்டு முறைகளும் இடரை வெவ்வேறு இடத்தில் பார்க்கின்றன. முதல் முறைக்கு இடரில் இருப்பது நிகரச் சொத்து முழுவதும், அதாவது 40 யூரோ. யூரோ 0.20 டாலர் இறங்கினால் 8 போகும். இரண்டாவது முறைக்கு இடரில் இருப்பது பண வகை இனங்களின் நிகரம் மட்டும். 25 யூரோ சொத்துக்கு எதிரே 60 யூரோ கடன் நிற்பதால், நிறுவனம் 35 யூரோ கடன்பட்ட நிலையில் இருக்கிறது. கடனின் நாணயம் மலிந்தால் கடனாளிக்கு நல்லதுதானே. 35 × 0.20 என்று 7 லாபம் வருகிறது.

வித்தியாசம் போய்ச் சேரும் இடமும் வேறு. நடப்பு விகித முறையில் வரும் 8 நட்டம் லாப நட்டக் கணக்கைத் தொடாது. பங்குதாரர் நிதிக்குள் ஒரு தனி இருப்பில் போய் உட்காரும், துணை நிறுவனத்தை விற்கும்போதுதான் அங்கிருந்து லாப நட்டக் கணக்குக்கு வரும். கால அடிப்படை முறையில் வரும் 7 லாபம் அந்த ஆண்டின் லாபத்திலேயே நேராகச் சேரும்.

பலர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு, எது உண்மை என்று வாதாடத் தொடங்குகிறார்கள். இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப் பாருங்கள். கால அடிப்படை முறையில் சரக்கு 30 டாலர் என்று நிற்கிறது. அடுத்த ஆண்டு அது விற்கும்போது விற்பனையின் அடக்கச் செலவாக 30 வரும், மற்ற முறையில் அது 25தான் (விகிதம் 1.00இலேயே இருந்தால்). இயந்திரத்துக்கு 10 ஆண்டு ஆயுள் என்றால், ஆண்டுத் தேய்மானம் 5 டாலருக்குப் பதில் 6. ஆக, சரக்கில் 5 கூடுதல் செலவு, தேய்மானத்தில் பத்தாண்டுகளில் 10 கூடுதல் செலவு, மொத்தம் 15. முதலில் காட்டிய 7 லாபத்தில் 15 கழித்தால் மிஞ்சுவது 8 நட்டம். நடப்பு விகித முறை முதல் நாளே சொன்ன அதே எண்.

எனக்கு இந்தக் கணக்கில் மிக முக்கியமானது இதுதான். இரண்டு முறைகளும் கடைசியில் ஒரே இடத்துக்கு வருகின்றன. ஒன்று நட்டத்தை உடனே, ஆனால் லாபத்துக்கு வெளியே காட்டுகிறது. மற்றது இன்று லாபமாகக் காட்டிவிட்டு வரும் ஆண்டுகளின் லாபத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. எனவே கால அடிப்படை முறையில் கணக்கு எழுதும் நிறுவனத்தில் பெரிய நாணய லாபத்தைப் பார்த்தால், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளின் அடக்கச் செலவையும் தேய்மானத்தையும் சேர்த்துப் பார்க்காமல் மகிழ வேண்டாம்.

அமெரிக்காவில் இந்தப் பாடம் அனுபவத்தில் வந்தது. 1975இல் வந்த எஃப்ஏஎஸ் 8 என்ற கணக்கியல் விதி எல்லோரையும் கால அடிப்படை முறைக்குக் கொண்டுவந்து, வித்தியாசம் முழுவதையும் லாபத்தில் காட்டச் சொன்னது. விகிதம் ஆட ஆட அறிவித்த லாபமும் ஆடியது, நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. 1981 டிசம்பரில் எஃப்ஏஎஸ் 52 அதை மாற்றியது. இன்று அந்த விதிகள் அமெரிக்கக் கணக்கியல் விதித் தொகுப்பின் ஏஎஸ்சி 830 பகுதிக்குள் இருக்கின்றன. சர்வதேச விதியான ஐஏஎஸ் 21 இந்தப் பெயர்களைப் பயன்படுத்தாது, ஆனால் முடிவு பெரும்பாலும் இதேதான்.

சரி, அப்படியென்றால் வசதியான முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமா? முடியாது. செயல்பாட்டு நாணயம் எது என்பதுதான் முடிவு செய்யும். துணை நிறுவனம் எந்த நாணயத்தில் விலை வைக்கிறது, சம்பளமும் மூலப்பொருளும் எந்த நாணயத்தில் போகின்றன, கடனை யார் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். யூரோவில் வாங்கி, யூரோவில் விற்று, சொந்தக் காலில் நிற்கும் நிறுவனத்தின் செயல்பாட்டு நாணயம் யூரோ, அதற்கு நடப்பு விகித முறை. தாய் நிறுவனம் அனுப்பும் சரக்கை விற்று, பணத்தை உடனே திருப்பி அனுப்பும் கிளை போன்ற நிறுவனத்துக்குச் செயல்பாட்டு நாணயம் டாலர், அதற்குக் கால அடிப்படை முறை. தொழிலின் நிலை உண்மையாக மாறினால் ஒழிய, இதை ஆண்டுக்கொரு தரம் மாற்றக் கூடாது.

வாசிக்க எளிது எது என்று கேட்டால், நடப்பு விகித முறை என்பேன். யூரோவில் கடன் சொத்தில் 60 சதவீதம், டாலரிலும் 60 சதவீதமே. கால அடிப்படையில் சொத்து 115 ஆகிவிடுவதால் கடன் 52 சதவீதமாகத் தெரியும். உள்ளூர் மேலாளர் ஒரு யூரோ கடனும் அடைக்காமலே அவருடைய நிறுவனம் வலுவாகிவிட்டதுபோல் தோன்றும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 25 யூரோவுக்கு வாங்கிய அந்தச் சரக்கை 28 யூரோவுக்கு விற்க முடியும் என்றால், யூரோ கணக்கில் மதிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் டாலர் கணக்கில் அதன் அடக்கம் 30, விற்றால் வருவது 28. டாலரில் 2 மில்லியன் குறைத்தே ஆக வேண்டும். துணை நிறுவனம் அனுப்பும் தாளில் இது எங்கும் இருக்காது, ஒருங்கிணைக்கிறவர் தானே தேட வேண்டும்.

நடப்பு விகித முறையில் நடக்கும் தவறு வேறு மாதிரி. ஆரம்ப இருப்பாக வரும் சேர்ந்த லாபத்தை யாராவது முடிவு விகிதத்தில் மாற்றிவிடுவார்கள், தாள் எப்படியோ சமமாகிவிடும். இதைப் பிடிக்க, தனி இருப்பில் விழுந்த தொகையை வேறு வழியில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில் துணை நிறுவனம் அந்த ஆண்டு 6 மில்லியன் யூரோ லாபம் ஈட்டியிருந்தால், சராசரி விகிதம் 1.10இல் அது லாப நட்டக் கணக்குக்குப் போகும். ஆரம்ப நிகரச் சொத்து 40 × 0.20 என்று 8 நட்டம், லாபத்தின் மேல் 6 × 0.10 என்று 0.6 நட்டம், மொத்தம் 8.6. தனி இருப்பில் வேறு எண் நின்றால், ஏதோ ஒரு வரி தவறான விகிதத்தில் மாறியிருக்கிறது. ஈவுத்தொகை கொடுத்திருந்தால், அதைக் கொடுத்த நாளின் விகிதத்தில் எடுத்துச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

அப்புறம் ஹெட்ஜ், அதாவது இந்த இடரை ஈடுகட்டும் ஏற்பாடு. எந்த முறை என்று தெரியாமல் இடரை மூட முயன்றால் நிலைமை மோசமாகும். நடப்பு விகித முறையில் இடர் 40 யூரோ. தாய் நிறுவனம் 40 மில்லியன் யூரோ கடன் வாங்கியிருந்தால், யூரோ இறங்கும்போது அந்தக் கடன் 48இலிருந்து 40 டாலராகக் குறைந்து, 8 நட்டத்தைச் சரிக்கட்டும். தொடக்கத்திலேயே ஹெட்ஜ் ஆவணத்தை முறையாக எழுதி வைத்திருந்தால் இரண்டும் ஒரே தனி இருப்பில் சந்திக்கும். எழுதாவிட்டால் லாபம் ஓரிடத்தில், நட்டம் இன்னோரிடத்தில் நிற்கும்.

கடனுக்குப் பதில், இன்றே விலை பேசி பின்னொரு நாளில் கைமாற்றும் ஃபார்வர்டு ஒப்பந்தத்தில் 40 யூரோவை 1.20க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். யூரோ 1.40க்கு ஏறினால் நிகரச் சொத்து தாளில் 8 ஏறும், ஆனால் ஒப்பந்தத்தை முடிக்க 8 மில்லியன் டாலர் ரொக்கமாகவே வெளியே போகும். தாளில் வந்த லாபத்தை வைத்து அதைக் கட்ட முடியாது. அதனால்தான் துணை நிறுவனத்தின் யூரோ ஈவுத்தொகையிலேயே அடைக்க முடிகிற கடனை நான் விரும்புவேன்.

இதே ஃபார்வர்டைக் கால அடிப்படை முறையில் இருக்கும் நிறுவனத்துக்குப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். நிதி அதிகாரி நிகரச் சொத்து 40 என்று பார்த்து 40 யூரோவை விற்கிறார். ஆனால் அந்தக் கணக்கில் இடர் எதிர்ப்பக்கம், 35 யூரோ கடன். யூரோ 1.40க்கு ஏறும்போது பண வகை இனங்களில் 7 நட்டம், ஃபார்வர்டில் 8 நட்டம். 15 மில்லியன் டாலர் நட்டம் ஒரே ஆண்டின் லாப நட்டக் கணக்கில் விழும். இந்த நிறுவனத்துக்கு வேண்டியது யூரோவை விற்பது அல்ல. யூரோ ரொக்கத்தைக் கூட்டுவது, அல்லது யூரோ கடனில் ஒரு பகுதியை டாலர் கடனாக மாற்றுவது.