நனைவந்தக் கடிதம் எழுதியது கி.பி. 196இலா, 313இலா?

1907இல் தொல்லியல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன், சீனாவின் வடமேற்கில் துன்ஹுவாங்குக்கு மேற்கே பாலைவனத்தில் ஒரு காவல் கோபுர இடிபாட்டில் சில கடிதங்களைக் கண்டெடுத்தார். அவற்றில் ஒன்று பட்டுத்துணியில் சுற்றி, முரட்டுத் துணியுறைக்குள் இருந்தது. உறைமேல் சமர்கண்ட் விலாசம். 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஒட்டக வழியில் போகவேண்டிய கடிதம் பாதியிலேயே நின்றுவிட்டது. எழுதியவர் நனைவந்தக், சமர்கண்ட் பக்கத்துச் சோக்டிய இன வணிகர். கடிதத்தில் இருக்கும் தேதி ஒரு தலைவரின் 13ஆம் ஆண்டு என்று மட்டும் சொல்கிறது; அது நம் கணக்கில் எந்த ஆண்டு என்று தெரியாது.

அவர் ஊருக்குச் சொல்லும் சேதி இதுதான்: பஞ்சத்தால் சீனப் பேரரசர் தலைநகர் லோயாங்கை விட்டு ஓடினார், அரண்மனை எரிந்தது, லோயாங் இல்லை, யே நகரமும் இல்லை. அங்கிருந்த இந்தியர்களும் சோக்டியர்களும் பட்டினியில் செத்தார்கள். நேற்றுவரை பேரரசரின் குடிகளாக இருந்த ஹூணர்கள்தான் இப்போது நாட்டை அழிக்கிறார்கள்.

ஹங்கேரிய அறிஞர் ஹர்மட்டா இதை 196 என்றார். அதற்கும் ஆதாரம் உண்டு. 190இல் தளபதி தோங் சுவோ லோயாங்கை எரித்தார், பேரரசரை சாங்கானுக்குக் கொண்டுபோனார். அந்தக் குழப்பத்தில் தெற்கு ஹூணர்களும் இருந்தார்கள். லோயாங்கை மட்டும் பார்த்தால் இரண்டு காலமும் பொருந்தும்.

ஆனால் யே நகரத்தில் வந்து 196 தடுக்கி விழுகிறது. 190களில் அது யுவான் ஷாவோ என்ற படைத்தலைவரின் தலைமையிடம், நன்றாக நின்றுகொண்டிருந்த ஊர். அதை 'இல்லை' என்று ஒரு வியாபாரி எழுதுவாரா? சரக்கு போகும் ஊர் அவருக்குத் தெரியாமல் போகாது. ஹென்னிங் என்ற அறிஞர் 1948இல் சொன்ன 313ஐ எடுத்துக்கொண்டால் சிக்கலே இல்லை: 307இல் யே சூறையாடப்பட்டு எரிந்தது, 311இல் ஹூணர்கள் லோயாங்கைப் பிடித்தார்கள், தப்பிக்க முயன்ற பேரரசர் சிக்கினார். 190இல் நகரத்தை எரித்தது அரசின் சொந்தத் தளபதி, 311இல் எரித்தவர்கள் ஹூணர்கள். கடிதம் குற்றம் சாட்டுவதும் ஹூணர்களைத்தான்.

அப்புறம் ஒரு சின்ன வரி: சீனாவின் உள்பகுதியிலிருந்து ஒரு சோக்டியர் வந்தே மூன்று ஆண்டு ஆகிறது என்கிறார் அவர். 311இலிருந்து எண்ணினால் 313, 314இல் வந்து நிற்கும். 1987இல் கிரெனேயும் சிம்ஸ்-வில்லியம்ஸும் மறுபடி அலசி ஹென்னிங் பக்கமே நின்றார்கள். என் ஓட்டும் 313க்குத்தான்.

இந்தச் சேதிகளுக்கு நடுவே அவர் வீட்டுக் கணக்கும் எழுதுகிறார். துன்ஹுவாங்குக்கு 32 கஸ்தூரிப் பைகள் அனுப்பியிருக்கிறேன், வந்ததும் ஐந்து பங்காகப் பிரியுங்கள். மூன்று தக்சிச்வந்தக்குக்கு, ஒன்று பேசக்குக்கு, ஒன்று உங்களுக்கு. தக்சிச்வந்தக் வளர்ந்ததும் ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவையுங்கள், உங்களை விட்டு வெளியூர் அனுப்பாதீர்கள்.