மெகர் காட்டிய சைபரை நம்பி 8,000 வெள்ளி கொடுத்தேன்

பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் என் அப்பா வீட்டு வயரிங்கில் நான் ஏமாந்த கதை இது. பழைய வீட்டில் வயரிங் மாற்ற நினைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

முன் கூடம் ஐம்பதுகளில் கட்டியது. சமையலறையும் பின்னறைகளும் எண்பதுகளில் சேர்த்தவை. வந்த ஒப்பந்தக்காரர் மெயினை அணைத்தார். மீட்டர் போர்டில், கேபிளின் இன்சுலேஷனை அளக்கும் மெகர் கருவியை மாட்டி, 500 வோல்ட்டில் ஒரே ஒரு முறை சோதித்தார். திரையில் 0.00 மெகா ஓம். "பாருங்க அண்ணே, ஒரு மெகா ஓமாவது இருக்கணும். வீடு முழுக்க கேபிள் செத்துப்போச்சு" என்றார். மொத்தம் 16,500 வெள்ளி கேட்டார், பாதியளவு முன்பணம். அப்பாவுக்கு எண்பது வயது. ராத்திரியில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் 8,000 வெள்ளி கொடுத்துவிட்டேன்.

நான்கு நாளில் சமையலறை கேபிளை எல்லாம் உருவி, புதிதாக இழுத்தார். பழைய செம்பையும் அவரே எடுத்துப் போனார். கூடத்துக்கு "அடுத்த வாரம்" என்றவர் திரும்பவில்லை. இரண்டு வாரம் கழித்து கூடத்து சுவிட்ச் ஒன்று சடசடக்க ஆரம்பித்ததும், மலேசிய எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டேன்.

அவர் சோதித்த விதமே வேறு. மெயினை அணைத்துவிட்டு எல்லா பல்பையும் கழற்றச் சொன்னார். ஃபிரிட்ஜ், டிவி, மோட்டார் என்று எல்லா பிளக்கையும் பிடுங்கச் சொன்னார். சீலிங் ஃபேன், வாட்டர் ஹீட்டர் இணைப்புகளை அவரே கழற்றினார். அப்புறம் ஒவ்வொரு சர்க்கியூட்டையும் போர்டில் தனியாகப் பிரித்து, ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து, அதற்கும் எர்த்துக்கும் இடையில் அளந்தார். முதல் ஆள் கை வைக்காத பின்னறை சர்க்கியூட் 200 மெகா ஓமுக்கு மேல் காட்டியது. சமையலறையில் உருவிய கேபிளும் அதே வருடம் போட்டதுதான்.

"அப்படியென்றால் சைபர் எப்படி வந்தது?" என்று கேட்டேன். அதே சர்க்கியூட்டில் ஃபேனை மறுபடி இணைத்து, சுவிட்சைப் போட்டு, இந்த முறை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் அளந்து காட்டினார். மெகர் 0.00 என்றது. ஃபேன் காயில் வழியாகவே கரண்ட் போய்விடுகிறது. அது காயிலின் அளவு, கேபிளின் இன்சுலேஷன் அளவு அல்ல. முதல் ஆள் சோதித்த அன்று அப்பா வீட்டில் ஃபிரிட்ஜ்கூட பிளக்கிலேயே இருந்தது. 500 வோல்ட் ஏறினால் எலக்ட்ரானிக் சாமான்கள் சேதமாகலாம் என்றும் சொன்னார்.

என்னை அதிகம் பதற வைத்தது முன் கூடம்தான். அங்கே மரப்பட்டியில் கிளிப் அடித்து ஓடும் பழைய லைட் வயர் 45 மெகா ஓம் காட்டியது. எண்ணைப் பார்த்தால் பாஸ். வயர்மேன் சடசடத்த சுவிட்சைத் திறந்து வயரை லேசாக வளைத்தார். மேலே சுற்றியிருந்த துணி நூல் பிரிந்து, உள்ளே இருந்த ரப்பர் காய்ந்த மண் மாதிரி உதிர்ந்தது. செம்புக் கம்பி வெள்ளியாகத் தெரிந்தது, ஏனென்றால் அந்தக் காலத்து ரப்பர் வயரில் வெள்ளீயம் பூசியிருப்பார்கள். உலர்ந்த நாளில், யாரும் தொடாத ரப்பர் நல்ல எண்ணைக் காட்டும். வளைத்தாலோ ஈரம் பட்டாலோ அந்த எண் நிற்காது. துணி சுற்றிய ரப்பர் வயர் உங்கள் வீட்டில் இருந்தால், மெகர் என்ன சொன்னாலும் மாற்றுங்கள். அந்த லைட் சர்க்கியூட்டில் எர்த் வயரும் கிடையாது.

ஆக, மாற்ற வேண்டியது அப்படியே இருந்தது, மாற்றத் தேவையில்லாதது போய்விட்டது. சமையலறைச் சீலிங்கிலும் ஏறிப் பார்த்தார். புதுக் கேபிளைக் கூடத்து ரப்பர் வயரோடு முறுக்கி, வெறும் டேப் சுற்றி விட்டிருந்தார்கள், ஜங்ஷன் பாக்ஸ்கூட இல்லை. கூடத்தை முழுக்க மாற்றி அந்த இணைப்புகளையும் சரிசெய்ய 3,200 வெள்ளிதான் ஆனது. வேலை முடிந்ததும் வேலை முடிந்ததற்கான சான்றிதழான போராங் ஜி, சோதனைச் சான்றிதழான போராங் எச் இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு சர்க்கியூட்டின் அளவையும் தனியாக எழுதிக் கொடுத்தார். முதல் ஆளிடம் இந்தத் தாள்களைக் கேட்கவே எனக்குத் தெரியவில்லை.

உங்களிடம் யாராவது ஒரே அளவைக் காட்டி "மொத்தமும் மாத்தணும்" என்றால், இரண்டு கேள்வி கேளுங்கள்: "பிளக், பல்ப், ஃபேன் எல்லாம் கழற்றியாச்சா? எந்த சர்க்கியூட் எவ்வளவு காட்டுது?" பதில் வரும்வரை பணம் கொடுக்காதீர்கள். நான் ரசீதையும் போட்டோக்களையும் சேர்த்துப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வக்கீல் இல்லாமலே கொண்டுபோகலாம்.