பலர் எடுத்த கல்யாண வீடியோவை ஒன்றாகச் சேர்க்கக் கொடுப்பவர்கள் கவனியுங்கள்: எங்களுக்கு 18,000 ரூபாய் போனது

தங்கச்சி கல்யாணம் கோபி பக்கம் நடந்தது. கேமராக்காரர் ஒருவர், சித்தப்பா பையன், மாமா என மூன்று பேர் எடுத்ததைச் சேர்க்க ஈரோட்டில் ஓர் எடிட்டிங் கடையில் கொடுத்தோம். கடைக்காரர் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நின்னு எடுத்திருக்காங்க, நான் பார்த்துச் சேர்த்துக்கறேனுங்க." பிரச்சினை தெரிந்த ஆள் என்று நம்பி 18,000 ரூபாயையும் முன்பணமாகவே கொடுத்துவிட்டோம்.

வந்ததைப் பார்த்து வயிறு எரிகிறது. மாப்பிள்ளை அழைப்பில் கேமராக்காரர் ஊர்வலத்துக்கு வலப்பக்கம் நின்றதால் கூட்டம் திரையில் இடமிருந்து வலமாகப் போகிறது. எதிர்ப்பக்கம் நின்ற சித்தப்பா பையன் எடுத்ததில் வலமிருந்து இடமாக வருகிறது. இரண்டையும் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள், மாப்பிள்ளை பாதி வழியில் திரும்பி வீட்டுக்குப் போவதுபோல இருக்கிறது! மாமா நேர் எதிரே நின்று ஊர்வலம் முன்னால் வருவதை எடுத்த துண்டு அவர்களிடமே இருந்தது. அதை நடுவில் மூன்று நான்கு விநாடி வைத்திருந்தால் பழைய திசை கண்ணை விட்டுப் போயிருக்கும். தவில் அடிக்கும் கையை மட்டும் காட்டினாலும் போதும்.

அதைவிட மனசு நொந்தது அம்மாயி ஆசீர்வாதம் செய்யும் இடம். உட்கார்ந்திருக்கும் தங்கச்சி வலப்பக்கம் நிமிர்ந்து பார்க்கிறாள் என்றால் நிற்கும் அம்மாயி இடப்பக்கம் குனிந்து பார்க்க வேண்டும். இரண்டு பேரையும் இணைத்து ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொண்டு, அதன் ஒரே பக்கமிருந்து எடுத்த துண்டுகளைச் சேர்த்தால் பார்வை சரியாகச் சந்திக்கும். இவர்கள் அம்மாயி முகத்தை மேடைக்குப் பின்னாலிருந்து எடுத்த துண்டிலிருந்து போட்டதால், இருவரும் வலப்பக்கம் வேறு யாரையோ பார்க்கிறார்கள். மாமா முன்னாலிருந்து எடுத்தது சும்மா கிடந்தது.

கேட்டதற்கு முதலில் "போன் வீடியோ அப்படித்தானுங்க" என்றார்கள். விடாமல் கேட்டதும் படத்தை இடம் வலமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது மேடைப் பலகையில் பெயர் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறித் தெரிகிறது, முந்தானை வலது தோளில் கிடக்கிறது. எழுத்து, முந்தானை, சட்டைப் பாக்கெட், கைக்கடிகாரம் எதுவும் தெரியாத துண்டில்தான் திருப்புவது செல்லும். அப்புறம் "பையன் லீவுங்க", அப்புறம் இன்னும் பணம் வேணுமாம், இப்போது போனே எடுப்பதில்லை. 18,000 ரூபாய் வாங்கும்போது மட்டும் முதல் மணியிலேயே எடுத்தார்!

கொடுக்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சொல்கிறேன். முழுப் பணமும் முன்னால் கொடுக்காதீர்கள். ஊர்வலத்தில் இரண்டு நிமிடம் சேர்த்துக் காட்டச் சொல்லிச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள், திசை மாறுவது உடனே தெரியும். அசல் கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள். எங்களுடையது பத்திரமாக இருப்பதால்தான் வேறு ஆளிடம் கொடுக்க முடிகிறது, அந்த 18,000 ரூபாய் மட்டும் வரப்போவதில்லை.